பனியன் கம்பெனி லிஸ்டிங்கில் மூன்று எண்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் மொத்த வியாபாரத் தளங்களில் போட்டிருக்கும் லிஸ்டிங்குகளை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும்:

"ரவுண்ட் நெக் டி-ஷர்ட். நல்ல குவாலிட்டி. விலை 99 முதல் 250 வரை. குறைந்தபட்ச ஆர்டர் 100 பீஸ். ஒரு வாரத்தில் டெலிவரி. சிறந்த விலைக்கு அழைக்கவும்."

இதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் 99 ரூபாய் டி-ஷர்ட்டும் இருக்கிறது, 250 ரூபாய் டி-ஷர்ட்டும் இருக்கிறது. 100 பீஸ் ஒருமுறை செய்து கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் அனுப்பியதும் உண்டு. ஆனால் இந்த மூன்றும் ஒரே ஆர்டரில் ஒருநாளும் சேர்ந்து வந்ததில்லை. வாங்குபவரோ மூன்றையும் சேர்த்துத்தான் படிக்கிறார். 100 பீஸ், 99 ரூபாய், ஒரு வாரம். அப்புறம் போன் வருகிறது. ஒவ்வொரு போனிலும் "அது வேறங்க, இது வேறங்க" என்று விளக்கிக்கொண்டிருப்பதிலேயே காலை நேரம் போய்விடுகிறது.

சின்ன யூனிட்டுகளுக்கு லிஸ்டிங், கொட்டேஷன், கேட்டலாக் எழுதிக் கொடுப்பது கொஞ்ச காலமாக என் வேலையில் ஒரு பங்கு. இந்தப் பதிவில் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு முழுசாக எழுதிப் பார்க்கப் போகிறேன்: 180 ஜி.எஸ்.எம், 24-ஆம் நம்பர் கோம்டு காட்டன் நூல், பயோவாஷ் செய்த அரைக்கை ரவுண்ட் நெக். கல்லூரி விழா, கம்பெனி யூனிஃபார்ம், சின்ன பிராண்டு எல்லோரும் கேட்கிற சரக்கு இதுதான். கீழே வரும் ரூபாய்க் கணக்கு எல்லாம் புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் சாயப்பட்டறை ரேட்டும் தையல் கூலியும் வேறாக இருக்கும். போடும் முறை மாறாது.

குறைந்தபட்ச ஆர்டரை யார் முடிவு செய்கிறார்?

அனுப்பர்பாளையம் பக்கம் யூனிட் வைத்திருக்கும் நண்பரிடம் "எம்.ஓ.கியூ எவ்வளவு போடலாம்?" என்று கேட்டேன்.

"நூறு போடுங்ணா. பக்கத்துக் கம்பெனிக்காரர் நூறுதான் போட்டிருக்காரு."

"நூறு பீஸுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பாங்களா?"

"கேட்டாப் போட்டுக் கொடுப்பாங்க. ஆனா பில்லு அம்பது கிலோவுக்கு வருமுங்க."

பதில் அதிலேயே இருந்தது. அவருடைய குறைந்தபட்ச ஆர்டரை அவரும் முடிவு செய்யவில்லை, பக்கத்துக் கம்பெனிக்காரரும் முடிவு செய்யவில்லை. சாயப்பட்டறையில் இருக்கிற சாஃப்ட்ஃப்ளோ மெஷின்தான் முடிவு செய்கிறது.

அந்த மெஷின்கள் கொள்ளளவுப்படி வருபவை: 50 கிலோ, 100 கிலோ, 250 கிலோ, அதற்கு மேலும். உள்ளே துணி கயிறு மாதிரிச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். அதற்கு ஒரு குறைந்தபட்சத் தண்ணீர் வேண்டும். பாதி துணி போட்டதற்காகத் தண்ணீரையும் நீராவியையும் ஆள் நேரத்தையும் பாதியாகக் குறைத்துவிட முடியாது. திருப்பூரில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. கழிவுநீர் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள்தான் ஓட்ட முடியும் என்று ஆனது. ஆகவே மெஷினுக்குள் போகிற ஒவ்வொரு லிட்டருக்கும் சுத்திகரிப்புச் செலவு ஒட்டிக்கொண்டே வருகிறது. வேன் வாடகைக்கு எடுத்தால் ஐந்து பேர் ஏறினாலும் பதினைந்து பேர் ஏறினாலும் வாடகை ஒன்றுதானே, அந்தக் கதைதான். அரை மெஷின் துணிக்கு முழு மெஷின் பில் போடுவதில் சாயப்பட்டறைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். 50 கிலோ மெஷினில் 50 கிலோ துணி போகிறது. அதில் கழுத்துப்பட்டிக்கான ரிப் துணியும் சேர்ந்தே போக வேண்டும், இல்லையென்றால் உடம்பு ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் ஆகிவிடும். ரிப்பையும் சாயத்தில் குறையும் எடையையும் கழித்தால் உடம்புத் துணி ஏறக்குறைய 45 கிலோ மிஞ்சும். எஸ் முதல் டபுள் எக்ஸ்.எல் வரை கலந்து பார்த்தால், வெட்டுக் கழிவும் சேர்த்து ஒரு டி-ஷர்ட்டுக்குச் சராசரியாக 220 கிராம். 45 கிலோவை 220 கிராமால் வகுத்தால் 204 வருகிறது. இரண்டு மூன்று ஓட்டை, கறை என்று போனால் 200.

ஆக, இந்த யூனிட்டின் உண்மையான குறைந்தபட்ச ஆர்டர் 200. அதுவும் வெறும் 200 அல்ல, ஒரு நிறத்துக்கு 200. அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டால் லிஸ்டிங்கே பாழ். "குறைந்தபட்சம் 200" என்று மட்டும் போட்டால், ஐந்து நிறத்தில் நாற்பது நாற்பதாக ஒருவர் கேட்பார். அவர் கணக்கில் அது 200. உங்கள் கணக்கில் அது ஐந்து மெஷின்.

100 பீஸை ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? கிலோவுக்குச் சாயக்கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு மெஷின் பில் 5,000 ரூபாய். 200 பீஸுக்கு அது பீஸுக்கு 25 ரூபாய். 100 பீஸுக்கு 50 ரூபாய். சாயத்தில் மட்டும் பீஸுக்கு 25 ரூபாய் கூடிவிட்டது. இந்தச் சரக்கில் கையில் நிற்கிற லாபமே அந்த அளவுக்கு வராது.

"இப்போ நூறு எடுத்துக்கிறேன், அடுத்த மாசம் இன்னொரு நூறு" என்று கேட்பவருக்கும் லிஸ்டிங்கிலேயே ஒரு வரி தேவை. இரண்டு தடவை சாயம் போட்டால் இரண்டும் ஒரே நிறமாக வராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். யூனிஃபார்ம் வாங்குகிறவருக்கு அது பெரிய விஷயம். அதனால் மறு ஆர்டரில் நிறம் முதல் ஆர்டருக்கு அருகில் இருக்கும், அதே லாட்டாக இருக்காது என்று முன்னாலேயே எழுதிவிடுவது நல்லது.

சரி, 50 பீஸ் கேட்கிறவரை அப்படியே அனுப்பிவிட வேண்டுமா? வேண்டாம். நண்பரிடம் வெள்ளை, கறுப்பு, நேவி ப்ளூ மூன்றும் சாயம் போட்ட ரோலாக எப்போதும் குடோனில் இருக்கும். கிரே மெலாஞ்சும் இருக்கும். அதற்குச் சாயமே தேவையில்லை, பஞ்சிலேயே நிறம் கலந்து நூற்ற நூல் அது. இந்த நான்கு நிறத்துக்கும் சாய மெஷின் குறுக்கே வருவதில்லை. அங்கே எல்லையை வைப்பது கட்டிங் மேஜை. 50 பீஸுக்குக் கீழே துணியை விரித்து வெட்டுவது கட்டிங் மாஸ்டர் நேரத்துக்குக் கட்டாது. எனவே லிஸ்டிங்கில் இரண்டு வரி வந்தது: ஸ்டாக் நிறங்களில் நிறத்துக்கு 50, நீங்கள் சொல்லும் நிறத்தில் நிறத்துக்கு 200. சின்ன வாங்குபவர் இதைப் படித்துவிட்டு அவராகவே கறுப்புக்கு வந்துவிடுவார். யாரும் பேசி இழுக்க வேண்டியதில்லை.

விலைப் படிகள்: எங்கே இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும்

"கூட எடுத்தால் விலை குறையும்" என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் குறைகிறது, எதுவரை குறையும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் குறைவு. பலரும் 200-க்கு ஒரு விலை சொல்லி, 500-க்குப் பத்து ரூபாய் கழித்து, 1,000-க்கு இன்னொரு பத்து, 2,000-க்கு இன்னொரு பத்து என்று படிக்கட்டு கட்டுகிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். கடைசிப் படியில் நின்று பார்த்தால் லாபம் இருக்காது.

செலவை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒவ்வொரு பீஸுக்கும் விழுகிற செலவு. சாயம் போட்ட துணி 99 ரூபாய், வெட்டுவது முதல் பேக்கிங் வரை கூலி 32 ரூபாய், நூல் லேபிள் பாலிபேக் எல்லாம் 7 ரூபாய். மொத்தம் 138. இது 200 பீஸுக்கும் 2,000 பீஸுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டாவது, ஆர்டர் வந்தாலே விழுகிற செலவு. நிறம் பார்க்கும் லேப் டிப், சாம்பிள் பீஸ், பேட்டர்ன், பவர்டேபிளில் ஓடிக்கொண்டிருந்த சரக்கை நிறுத்திவிட்டு இதை ஏற்றுவதில் போகிற அரை நாள், கூரியர், போன் பேசுகிற ஆள். எல்லாம் சேர்த்து ஆர்டருக்கு 6,000 ரூபாய் என்று வைப்போம். இதைப் பீஸுகளுக்குப் பங்கு போட்டால் 200-க்கு 30 ரூபாய், 300-க்கு 20, 500-க்கு 12, 1,000-க்கு 6, 2,000-க்கு 3.

லாபம் பீஸுக்கு 18 ரூபாய் என்று நிறுத்திக்கொண்டால் விலை இப்படி வருகிறது: 200-க்கு 186, 300-க்கு 176, 500-க்கு 168, 1,000-க்கு 162, 2,000-க்கு 159.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 200-லிருந்து 500-க்குப் போகும்போது 18 ரூபாய் இறங்குகிறது. 1,000-லிருந்து 2,000-க்குப் போகும்போது மூன்றே ரூபாய். பங்கு போட வேண்டிய செலவு அங்கே தீர்ந்துவிட்டது. 2,000 பீஸ் கேட்பவர் "இன்னும் பத்து ரூபாய் குறைங்க" என்றால் அந்தப் பத்து ரூபாய் வேறெங்கிருந்தாவது வர வேண்டும்: பெரிய மெஷினில் சாயம் போட்டால் கிலோவுக்குக் குறைகிற கூலி, மொத்தமாக நூல் எடுத்தால் கிடைக்கிற விலை, ஆர்டர் இல்லாத மாதத்தில் மெஷின் சும்மா நிற்பதைத் தவிர்ப்பது. இவை ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறும். ஆகவே 1,000 படிக்கு மேல் விலையை அச்சடிக்காமல் "2,000-க்கு மேல் தனி கொட்டேஷன்" என்று விடுவது சரி. "சிறந்த விலைக்கு அழைக்கவும்" என்ற வரிக்கு லிஸ்டிங்கில் உரிய இடம் அந்தக் கடைசிப் படி ஒன்றுதான்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு படியின் விலையையும் அந்தப் படியின் மிகக் குறைந்த எண்ணிக்கைக்குப் போட வேண்டும். நண்பர் முதலில் 200 முதல் 499 வரை ஒரே படியாக வைத்து, நடுவில் 350-ஐ எடுத்து 173 ரூபாய் என்று போட நினைத்தார். 350-க்கு அது சரி. ஆனால் அந்தப் படியில் வருகிறவர்களில் நிறையப் பேர் 200-தான் கேட்பார்கள், ஏனென்றால் அதுதான் குறைந்தபட்சம். 200 பீஸை 173-க்குக் கொடுத்தால் 138-ம் 30-ம் போக மிஞ்சுவது ஐந்து ரூபாய். அடிக்கடி வருகிற ஆர்டரில் லாபம் இல்லாமல் உழைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டாவது, படி மாறுகிற இடத்துப் பள்ளம். 200 முதல் 499 வரை 186, 500 முதல் 168 என்று இரண்டே படி வைத்தால், 500 பீஸுக்கு 84,000 ரூபாய். 460 பீஸுக்கு 85,560 ரூபாய். குறைவாக வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கிறார். 452-லிருந்து 499 வரை எந்த எண்ணிக்கையும் இப்படித்தான். வாங்குபவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்ததும் 460-க்கே 168 கொடுங்கள் என்று பேரம் தொடங்கும். நடுவில் 300-க்கு ஒரு படி, 176 ரூபாய், என்று வைத்தால் இந்தப் பள்ளம் 478 முதல் 499 வரை என்று சுருங்கிவிடும். முழுசாகப் போகாது. 200-க்கும் 300-க்கும் இடையிலும் 284-க்கு மேல் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதற்கு நேர்மையான வழி, "அடுத்த படியின் மொத்தத் தொகை குறைவாக வந்தால் அந்த எண்ணிக்கைக்கு ஆர்டரை உயர்த்திக்கொள்ளலாம்" என்று எழுதிவிடுவது. வாங்குபவருக்குச் சில பீஸ் கூடக் கிடைக்கும், உங்களுக்குப் பேரம் மிச்சம்.

பிரிண்ட் செலவை இந்த விலைக்குள் சேர்க்காதீர்கள். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் டிசைனில் எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன். ஸ்கிரீன் ஒருமுறை செலவு, பிரிண்ட் கூலி பீஸுக்கு. இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால் வாங்குபவர் ஆறு நிற லோகோவை இரண்டு நிறமாக்கச் சம்மதிப்பார். அதே டிசைனுக்கு மறு ஆர்டர் வந்தால் ஸ்கிரீன் செலவு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவர் திரும்பி வருவதற்கு அது ஒரு காரணம்.

விலைக்குப் பக்கத்தில் மூன்று சின்ன வரிகள் கட்டாயம். ஜி.எஸ்.டி தனி: பீஸ் விலை 2,500 ரூபாய் வரை உள்ள டி-ஷர்ட்டுக்கு 5 சதவீதம், ஹெச்.எஸ்.என் 6109. பதிவு பெற்ற வாங்குபவர் வரி நீங்கலான விலையைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார், அதனால் சேர்த்துப் போட்டால் நீங்கள்தான் விலை அதிகமாகத் தெரிவீர்கள். லாரி வாடகை தனி. மூன்றாவது, விலை எத்தனை நாள் செல்லும் என்பது. மில்கள் பொதுவாக மாதத் தொடக்கத்தில்தான் நூல் விலையை அறிவிக்கின்றன. ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய கால் கிலோ நூல் போகிறது. கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் பீஸுக்கு ஐந்து ரூபாய்க்குப் பக்கம் ஏறும். 18 ரூபாய் லாபத்தில் கால் பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. "இந்த விலை கொட்டேஷன் தேதியிலிருந்து 15 நாள் வரை" என்ற வரி இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து ஸ்கிரீன்ஷாட்டோடு ஒருவர் வருவார்.

லீட் டைம்: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

"ஒரு வாரத்தில் டெலிவரி" என்ற வரியில் இரண்டு கேள்விக்குப் பதில் இல்லை. எந்த நாளிலிருந்து? எந்த நாள் வரைக்கும்?

500 பீஸ், வாங்குபவர் சொன்ன நிறம், இரண்டு நிற பிரிண்ட் என்று எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கி நிட்டிங் முடிக்க 4 நாள். சாயப்பட்டறையில் வரிசை பிடித்துச் சாயம் போட்டு வர 6 நாள். காம்பேக்டிங் ஒரு நாள், கட்டிங் ஒரு நாள். வெட்டிய முன்பக்கத் துண்டுகளுக்குப் பிரிண்ட் அடித்துக் காய 3 நாள். தையல் 3 நாள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் 2 நாள். கூட்டினால் 20 வேலை நாள். ஞாயிறு போக மூன்று வாரத்துக்குச் சற்று மேல்.

இதில் தையல் மூன்றே நாள்தான் என்பதைக் கவனியுங்கள். "இன்னும் பத்து ஆளைப் போட்டு வேகமா முடிச்சுக் குடுங்க" என்று கேட்பவர்கள் தையலைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நாட்களைத் தின்பது துணி தயாராகிற பகுதி. ஸ்டாக் நிறத்தில் எடுத்தால் முதல் 11 நாள் அப்படியே கழிந்துவிடும், 9 வேலை நாளில் சரக்கு ரெடி. அவசரம் என்று வருகிறவருக்குக் கொடுக்க வேண்டிய பதில் இதுதான். அதை லிஸ்டிங்கிலேயே இரண்டு வரியாகப் பிரித்துப் போட்டுவிட்டால் போன் வருவதற்கு முன்னாலேயே அவர் முடிவெடுத்திருப்பார்.

இதே காரணத்தால் எண்ணிக்கை நான்கு மடங்கானாலும் நாள் நான்கு மடங்காகாது. நாளைக்கு 300 பீஸ் தைக்கிற யூனிட்டில் 2,000 பீஸ் என்றால் தையல் 3 நாளிலிருந்து 7, 8 நாளாகும், பிரிண்டுக்கு இரண்டு நாள் கூடும். 20 நாள் 27 நாளாகும், அவ்வளவுதான். விலைப் படிக்குப் பக்கத்திலேயே நாளையும் போடுங்கள். வாங்குபவர் இரண்டையும் சேர்த்துத்தானே யோசிக்கிறார்.

இனி, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்ற கேள்வி. வாங்குபவர் "ஓகே" என்று வாட்ஸப்பில் போட்ட நாளிலிருந்தே எண்ணத் தொடங்குவார். கம்பெனிக்காரர் முன்பணம் வந்த நாளிலிருந்து எண்ணுவார். இரண்டுக்கும் நடுவில் எட்டுப் பத்து நாள் போயிருக்கும். சண்டை வருவது பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான். நான் எழுதுகிற வரி இது: "முன்பணம், சைஸ் பிரிவு, பிரிண்ட் டிசைன் ஒப்புதல், லேப் டிப் ஒப்புதல் ஆகிய நான்கில் கடைசியாக வந்ததற்கு மறுநாள் முதல் நாள்." லேப் டிப்புக்கு நமக்கு 4 அல்லது 5 நாள் வேண்டும். அதைப் பார்த்து "சரி" சொல்ல வாங்குபவர் எடுத்துக்கொள்கிற நாள் அவருடைய கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால், நிற அட்டையை மேஜையில் வைத்துவிட்டு ஊருக்குப் போன அவருடைய மேனேஜருக்கும் சேர்த்து நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

முடியும் இடத்தையும் சொல்லுங்கள். நாம் உறுதி சொல்லக்கூடியது சரக்கு திருப்பூரில் பார்சல் ஆபீசுக்குப் போகிற நாள் வரைக்கும்தான். சென்னைக்குப் போவதும் டெல்லிக்குப் போவதும் ஒரே நாள் கணக்கில் வராது. "திருப்பூரிலிருந்து அனுப்பும் நாள்" என்று எழுதிவிட்டு, போக்குவரத்து நாள் தனி என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தீபாவளியும் பொங்கலும். தெற்கத்தி மாவட்டத்துக்காரர்களும் வடமாநிலத்துக்காரர்களும் ஊருக்குக் கிளம்பினால் யூனிட் திரும்பப் பழையபடி ஓட நாளாகும். தீபாவளிக்கு முன்னால் சாயப்பட்டறையிலும் வரிசை நீளும். வெளியூர் வாங்குபவருக்குப் பொங்கல் எந்தத் தேதி என்றே தெரியாமல் இருக்கலாம். "இந்த இரண்டு பண்டிகையை ஒட்டிய ஆர்டர்களுக்கு 10 நாள் கூடும்" என்று ஒரு வரி போதும்.

எண்ணிக்கை சரியாக வராது என்பதையும் எழுதுங்கள்

500 பீஸ் ஆர்டரில் சரியாக 500 வருவது அபூர்வம். நிட்டிங்கில் ஊசி உடைந்து ஓட்டை விழும், சாயத்தில் திட்டு வரும், தையலில் சில பீஸ் போகும். இதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். சேதம் குறைந்தால் கூட வரும், கூடினால் குறையும். 3 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அனுப்பிய எண்ணிக்கைக்கே பில் என்று எழுதிவிடுங்கள். 500-க்கு 485 முதல் 515 வரை. 500 பேருக்கு யூனிஃபார்ம் வாங்குகிறவர் இதைப் படித்தால் 515-ஆக ஆர்டர் செய்துகொள்வார். படிக்காவிட்டால் 492 பீஸோடு நின்று கத்துவார். எட்டுப் பேருக்குச் சட்டை இல்லை, தனியாக எட்டு பீஸுக்குச் சாயமும் போட முடியாது.

எல்லாம் சேர்த்தால் லிஸ்டிங் இப்படி வருகிறது. தளத்தில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டாலும் வரிசை இதுவே இருக்கட்டும்:

> ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜி.எஸ்.எம், 100% கோம்டு காட்டன், பயோவாஷ், அரைக்கை – உற்பத்தியாளர், திருப்பூர்
>
> சைஸ்: எஸ் முதல் டபுள் எக்ஸ்.எல் வரை, ஒரே விலை.
>
> குறைந்தபட்ச ஆர்டர்: ஸ்டாக் நிறங்கள் (வெள்ளை, கறுப்பு, நேவி, கிரே மெலாஞ்ச்) நிறத்துக்கு 50. நீங்கள் சொல்லும் நிறம், நிறத்துக்கு 200. சைஸ்களைக் கலந்துகொள்ளலாம்.
>
> விலை (ஒரு நிறத்துக்கு, சொந்த நிறம், பிரிண்ட் இல்லாமல்): 200–299: ரூ.186. 300–499: ரூ.176. 500–999: ரூ.168. 1,000–1,999: ரூ.162. 2,000-க்கு மேல் தனி கொட்டேஷன். ஸ்டாக் நிறங்களுக்கு விலைப் பட்டியல் தனி.
>
> ஜி.எஸ்.டி 5%, லாரி வாடகை, பிரிண்ட் தனி. கொட்டேஷன் 15 நாள் செல்லும். அடுத்த படியின் மொத்தம் குறைவாக வந்தால் ஆர்டரை உயர்த்திக்கொள்ளலாம்.
>
> லீட் டைம்: 500 பீஸ் பிரிண்டுடன்: ஸ்டாக் நிறம் 9 வேலை நாள், சொந்த நிறம் 20 வேலை நாள். 2,000 பீஸ், சொந்த நிறம்: 27 வேலை நாள். முன்பணம், சைஸ் பிரிவு, டிசைன், லேப் டிப் ஒப்புதல் நான்கும் வந்த மறுநாளிலிருந்து, திருப்பூரிலிருந்து அனுப்பும் நாள் வரை. தீபாவளி, பொங்கலை ஒட்டி 10 நாள் கூடும்.
>
> எண்ணிக்கை: 3% கூடவோ குறையவோ. அனுப்பிய எண்ணிக்கைக்கே பில்.
>
> பணம்: 50% முன்பணம், மீதி அனுப்பும் முன்.
>
> கொட்டேஷனுக்கு அனுப்ப வேண்டியவை: நிறம், நிறத்துக்கு எத்தனை, சைஸ் பிரிவு, பிரிண்ட் டிசைன், எந்த ஊர், எந்தத் தேதிக்குள்.

ஸ்டாக் நிறங்களுக்கு விலை தனியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. லேப் டிப் செலவு அங்கே இல்லை, ஆனால் ரோலை வாங்கிக் குடோனில் வைத்திருக்கிற பணத்துக்கு வட்டி உண்டு. 50 பீஸில் பங்கு போடுகிற செலவும் கனமாக விழும். இந்தப் படிகளோடு கலந்தால் இரண்டுமே குழம்பும்.

இதைப் பார்த்ததும் நண்பர் கேட்டது: "இத்தனை எழுதினா விசாரணை குறைஞ்சிருமுங்களே?" குறையத்தான் செய்யும். 99 ரூபாய்க்கு 100 பீஸ் தேடுகிறவர் கூப்பிட மாட்டார். கூப்பிடுகிறவர் "மெரூன் 300, நேவி 100, கோயமுத்தூர், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள்" என்று தொடங்குவார். லிஸ்டிங் வேலை செய்கிறதா என்று பார்க்க இதுவே சோதனை. முதல் கேள்வியே "விலை என்னங்க?" என்று வந்தால் அவர் படிக்கவில்லை, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. படித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டால், அதற்கான வரி லிஸ்டிங்கில் இல்லை என்று பொருள். "துவைத்தால் எவ்வளவு சுருங்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? துவைத்துப் பார்த்து அளந்து அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, லிஸ்டிங்கின் அடியில் ஒரு தேதி போடுங்கள். நூல் விலை மாறினால் விலைப் படிகள் மாறும், சாயப்பட்டறை மாறினால் குறைந்தபட்ச ஆர்டர் மாறும், பவர்டேபிள் ஒன்று கூடினால் லீட் டைம் மாறும். மாதத் தொடக்கத்தில் மில் விலை வந்ததும் அந்த 138-ஐ மறுபடி கூட்டிப் பாருங்கள். அது நகர்ந்திருந்தால் ஐந்து படியும் நகர வேண்டும்.